மங்கிய கடிதம்: முதலில் எழுத்துப்படி

மேலூர்ப் பக்கத்து வீட்டுப் பழைய கடிதம் ஒன்று, போட்டோவாக வந்தது. "சுருக்கமா விஷயத்தைச் சொல்லுங்க, பேரனுக்கு இங்கிலீஷ்லயும் வேணும்" என்றார்கள். கடன் விவகாரம் என்பதால் சுருக்கத்தை ஒத்திப்போட்டு, எழுத்துக்கு எழுத்து படியெடுத்தேன்.

மை வெளிறிப் பழுப்பாகியிருந்தது. பழுப்பு மை நீல ஒளியை விழுங்கும்; அதனால் நீலச் சேனலில் எழுத்து கருத்துத் தெரியும். ஜிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் `Colors > Components > Extract Component` போய் `RGB Blue` எடுத்தேன். தாளின் மஞ்சளும் கொஞ்சம் இருண்டது. அதை `Levels`-இல் சரிசெய்தேன். ஜேபெக்காக வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இதெல்லாம் எடுபடவில்லை, மூலப் படத்தையே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

தொகை முதலில் ௱௫ என்று தெரிந்தது, அதாவது 105. நீலச் சேனலில் பின்னால் ஒரு ௰ எழுந்தது: ௱௫௰, 150. சுருக்கம் மட்டும் எழுதியிருந்தால் 105 என்றே போயிருக்கும், யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.

புள்ளி வைக்காத எழுத்து. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. படியில் இதைத் திருத்தாமல் அப்படியே விட்டேன். தெரியாத இடத்தில் [?], ஊகத்துக்கு [150?] மாதிரி. வருஷத்துக்கான ௵, ரூபாய்க்கான ௹ போன்ற குறிகளை மொழிபெயர்ப்பில்தான் விரித்தேன். சுருக்கம் கடைசியில், நாலே வரி.