4K மானிட்டர் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிச்சி தெருவுக்கு மானிட்டர் வாங்கப் போகும் தம்பிகள் என்னிடம் கேட்கும் கணக்கு ஒன்றுதான். "அண்ணா, 1080ல 100 எஃப்பிஎஸ் வருது. 2160 அதுக்கு டபுள்தானே? பாதியா குறைஞ்சாலும் 50 வரும்ல?" வராது. கேட்டுக் கேட்டு எரிச்சலாகிவிட்டது.

டபுள் என்று நினைப்பது

4Kயின் 2160 என்பது உயரம் மட்டும். அகலமும் 1920லிருந்து 3840 ஆகிறது. ஃபுல் எச்டியில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 4Kயில் 82.9 லட்சம். சரியாக நான்கு மடங்கு.

அதற்காக எஃப்பிஎஸ்ஸை நாலால் வகுத்தாலும் தப்புதான். ஃபிரேமை நேரமாக மாற்றிப் பாருங்கள். 100 எஃப்பிஎஸ் என்றால் வினாடிக்கு 100 ஃபிரேம், அதாவது ஒரு ஃபிரேமுக்கு 10 மில்லி வினாடி. அதில் 2 மில்லி வினாடி நிழல் வரைபடம், உருவங்களின் வடிவக் கணக்கு போன்ற வேலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திரை பெரிதானாலும் அது பெரும்பாலும் மாறாது. மீதி 8, ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கணக்கிடும் வேலை. 4Kயில் அந்த 8, 32 ஆகிவிடும். மொத்தம் 34, அதாவது சுமார் 29 எஃப்பிஎஸ். இதே கிராஃபிக்ஸ் கார்டு 2560 x 1440ல், 1.78 மடங்கு பிக்சலோடு, ஏறக்குறைய 62 கொடுக்கும்.

தெரிந்த பையன் ஒருவன் கார்டைப் பார்க்காமல் 4K மானிட்டர் வாங்கி வந்தான். பிறகு கேமில் ரெசல்யூஷனை 1080க்கு இறக்கி ஆடினான். படம் மங்கலாகத் தெரிய, மானிட்டர் மேல் பழி! 1080ஐ மானிட்டர் இழுத்துப் பெரிதாக்கும்போது ஓரங்கள் குழைந்துவிடும். ரெசல்யூஷனை 4Kயிலேயே விட்டு, கேமுக்குள் ரெண்டர் ஸ்கேலை மட்டும் 70% வைக்கச் சொன்னேன். எழுத்தும் மெனுவும் கூர்மையாக இருக்கும். அந்த அளவு பெரும்பாலான கேம்களில் அகலம், உயரம் இரண்டுக்கும் பொருந்தும் என்பதால் பிக்சல் 49% ஆகிவிடும். மேலே போட்ட கணக்கில் 34 மில்லி வினாடி 18க்குள் வந்து, 56 எஃப்பிஎஸ் கிடைக்கும்.

வாங்கும் முன் சோதிக்காதது

காசு போடாமலே பார்க்கலாம். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் `DSR - Factors` போய் `4.00x` தேர்ந்தெடுங்கள். அப்புறம் கேமில் 3840 x 2160 வையுங்கள். உங்கள் பழைய 1080 மானிட்டரிலேயே கார்டு 4K அளவு பிக்சலை வரையும். வரும் எஃப்பிஎஸ்தான் ஏறக்குறைய உங்களுக்குக் கிடைக்கப் போவது. ஏஎம்டியில் `Virtual Super Resolution`.

1080ல் கார்டு 60%தான் ஓடுகிறதா?

எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை என்றால், தடை பெரும்பாலும் பிராசசரில். 4Kயில் இழப்பு கொஞ்சம் குறையும்.

பழைய கேபிள்

எச்டிஎம்ஐ 1.4 வழியே 4K, 30 ஹெர்ட்ஸ்தான். கார்டைத் திட்டாதீர்கள்.