இரண்டு க்ளிக், ஒரே கட்டணம்: சோதித்துவிட்டுக் கடையைத் திறங்கள்

டர்பனில் பூஜைப் பொருள் கடை ஒன்றுக்கு செக்அவுட் செய்துகொடுத்தேன். சாண்ட்பாக்ஸில் வெற்றிக் கார்டு, மறுக்கப்படும் கார்டு இரண்டும் சரியாகவே ஓடின. ஆனால் 450 ராண்ட் ஆர்டருக்கு வேகமாக இருமுறை அழுத்தியபோது டெஸ்ட் டாஷ்போர்டில் இரண்டு கட்டணங்கள் விழுந்தன. ஒவ்வொரு க்ளிக்குக்கும் என் கோடு புதிய ரெஃபரன்ஸ் எண் உருவாக்கியதுதான் காரணம்.

பட்டனை முடக்கினால் மட்டும் போதாது. பக்கத்தை ரீலோட் செய்தாலே அது மறுபடி உயிர்பெறும். அதனால் பட்டனை விட்டுவிட்டு, கட்டணத்தைத் தொடங்கும் உங்கள் சர்வர் முகவரியை `URL`-இல் வைத்து, நேராக சர்வரையே சோதியுங்கள்:

```
curl -d order=1042 $URL &
curl -d order=1042 $URL &
wait
```

இரண்டும் ஒரே ரெஃபரன்ஸைத் திருப்பித் தர வேண்டும். வேறுவேறாக வந்தால், ஆர்டர் பதிவாகும்போதே எண்ணை உருவாக்கி, ஓர் ஆர்டருக்கு நடப்பு முயற்சி ஒன்றுதான் என்று டேட்டாபேஸில் யுனிக் கட்டுப்பாடு போடுங்கள்.

டைம்அவுட்டுக்கும் இந்த எண்தான் துணை. பேமெண்ட் கேட்வேயின் பதில் வருவதற்குள் உங்கள் சர்வரின் காத்திருப்பு முடியும்படி, அதை ஒரு மில்லிசெகண்டாகக் குறைத்துப் பாருங்கள். பதில் வராததாலேயே பணம் போகவில்லை என்று ஆகிவிடாது. கோரிக்கை அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். "தோல்வி, மீண்டும் முயலுங்கள்" என்று திரையில் காட்டினால் வாடிக்கையாளர் இரண்டாம் முறை கட்டிவிடுவார், பாவம். "சரிபார்க்கிறோம்" என்று காட்டி, அதே எண்ணை வைத்து கேட்வேயிடம் நிலையைக் கேளுங்கள். பேஸ்டாக் கேட்வேயில் அதற்கு `GET /transaction/verify/:reference` இருக்கிறது. `failed` என்று உறுதியாக வந்த பிறகே அடுத்த முயற்சிக்குப் புது எண் கொடுங்கள்.