கல்லூரித் திரையிடலுக்கு ப்ரெஸ் கிட் தயாரிப்பது எப்படி? ஒரு குறும்படத்தை வைத்துப் படிப்படியாக

கல்லூரியில் உங்கள் குறும்படம் திரையிடப்படுகிறது என்றால், அதைப் பற்றி எழுதவோ பேசவோ போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பேர்தான்: துறையின் செய்திமடலுக்கு எழுதும் மாணவர், உள்ளூர் நிருபர், மேடையில் படத்தை அறிமுகப்படுத்தும் பேராசிரியர். மூவருமே அநேகமாகப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல் இரவு பத்து மணிக்கு அவர்களால் படத்தைப் பற்றிப் பிழையில்லாமல் நான்கு வரி எழுத முடிய வேண்டும். அதற்காக அவர்களுக்குக் கொடுக்கும் படங்களும் குறிப்புகளும் அடங்கிய தொகுப்புதான் ப்ரெஸ் கிட். அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று குழம்பும்போதெல்லாம் இதை வைத்தே முடிவெடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கற்பனைப் படத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் ‘தெருமுனை வண்டி’, 17 நிமிடம். பாளையங்கோட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஒருவரின் கதை.

1. ஸ்டில்ஸில் தொடங்குங்கள்

எழுத்து வேலையை ஒரே நாளில் முடித்துவிடலாம். படங்கள் சரியில்லை என்று கடைசி நாளில் தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதல் வேலை இதுவாக இருக்கட்டும்.

ஐந்து அல்லது ஆறு படங்கள் போதும்: படத்தின் காட்சிகளிலிருந்து மூன்று, படப்பிடிப்புத் தளத்தில் குழு வேலை செய்யும் படம் ஒன்று, இயக்குநரின் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று. ஒன்றாவது நெடுக்குவாட்டில் இருந்தால் பக்கம் வடிவமைப்பவருக்கு உதவும்.

படப்பிடிப்பின்போது தனிக் கேமராவில் யாராவது ஸ்டில்ஸ் எடுத்திருந்தால் அவையே நல்லது. இல்லையென்றால் வீடியோவிலிருந்து ஃபிரேம் எடுக்க வேண்டும். அதில் வழக்கமாக மூன்று சிக்கல்கள் வரும்.

முதலாவது, மங்கல். நொடிக்கு 24 ஃபிரேமில் படமாக்கும்போது ஷட்டர் வழக்கமாக 1/48 அல்லது 1/50 நொடியில் இருக்கும். ஓடும் காட்சியில் உறுத்தாத கை அசைவு, நிறுத்திப் பார்த்தால் இழுபட்டுத் தெரியும். இஸ்திரிப் பெட்டி துணிமேல் ஓடும் ஃபிரேமை விட்டுவிட்டு, கை ஒரு கணம் நிற்கும் ஃபிரேமைத் தேடுங்கள். முழுத்திரையில் பெரிதாக்கிக் கண்களைப் பாருங்கள். கண் கூர்மையாக இல்லாத படம் அச்சில் தேறாது.

இரண்டாவது, நிறம். நிறத்தைப் பிறகு திருத்துவதற்காக வெளிறிய நிறத்தில் பதிவாகும் லாக் முறையில் எடுத்த மூலக் காட்சியிலிருந்து ஃபிரேம் எடுத்தால் சாம்பல் பூசியதுபோல் வரும். நிறத்திருத்தம் முடிந்த டைம்லைனிலிருந்து எடுங்கள். டாவின்சி ரிசால்வில் Color பக்கத்தில் படத்தின்மேல் வலது கிளிக் செய்து `Grab Still` கொடுத்து, பிறகு கேலரியிலிருந்து `Export` செய்யலாம். சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். மேலும் கீழும் கருப்புப் பட்டை இருந்தால் வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது, அளவு. 1920 × 1080 ஃபிரேமை 300 டிபிஐயில் அச்சிட்டால் அகலம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர்தான் வரும். செய்திமடலில் பாதிப் பக்கத்துக்கு அது போதும், போஸ்டருக்குப் போதாது. போட்டோஷாப்பில் 72 என்பதை 300 என்று மாற்றுவதால் மட்டும் புதிதாக ஒரு விவரமும் வந்துவிடாது. 4கே மூலம் இருந்தால் டைம்லைனையும் 4கேயில் வைத்து எடுங்கள்.

கோப்புக்கு `IMG_2291.jpg` என்ற பெயரை அப்படியே விடாதீர்கள். `TherumunaiVandi_Still_01.jpg` என்று மாற்றி, ஒவ்வொரு படத்திலும் யார் இருக்கிறார், என்ன காட்சி, படம் எடுத்தவர் யார் என்று தனிப் பட்டியலில் எழுதுங்கள். இது இல்லாவிட்டால் நடிகரின் படத்துக்குக் கீழே இயக்குநரின் பெயர் அச்சாகிவிடும்.

2. கதைச்சுருக்கம்: இரண்டு அளவுகளில்

ஒன்று 30 சொற்களுக்குள், இன்னொன்று 120 முதல் 150 சொற்கள். சிறியது அழைப்பிதழுக்கும் மேடை அறிமுகத்துக்கும், பெரியது செய்திக்கும்.

பலர் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: “உறவுகளின் ஆழத்தையும் வாழ்க்கையின் வலியையும் பேசும் உணர்வுபூர்வமான படைப்பு.” இதை எந்தப் படத்துக்கும் ஒட்டலாம். யார், எங்கே, என்ன நெருக்கடி என்ற மூன்றும் இதில் இல்லை. அந்த மூன்றையும் வைத்து எழுதினால்:

“பாளையங்கோட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் முருகேசனை, புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு தெருமுனையைக் காலி செய்யச் சொல்கிறது. அதே குடியிருப்பில் வேலை கேட்டு நிற்கிறாள் அவர் மகள் செல்வி.”

இதில் பெயரடை ஒன்றுகூடப் படத்தைப் புகழவில்லை. ஆனாலும் அப்பாவும் மகளும் என்ன பேசிக்கொள்வார்கள் என்ற கேள்வி வாசிப்பவருக்குத் தானாகவே எழுகிறது. பெரிய சுருக்கத்தில் செல்விக்கு வேலை கிடைப்பது வரை சொல்லலாம். 17 நிமிடப் படத்தில் முடிவைச் சொல்லிவிட்டால் பார்க்க எதுவும் மிஞ்சாது; அதை விட்டுவிடுங்கள். கேள்வி-பதிலை நடத்தும் பேராசிரியருக்கு முடிவு தெரிய வேண்டுமென்றால், படத்தின் லிங்கைத் தனியாக அனுப்புங்கள்.

3. குழுவினர் குறிப்பு

இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலி, இசை, முக்கிய நடிகர்கள் இருவர். இயக்குநருக்கு 80 சொற்கள், மற்றவர்களுக்கு 40. எல்லாமே படர்க்கையில் இருக்கட்டும். “நான்” என்று எழுதினால் நிருபர் ஒவ்வொரு வரியையும் மாற்ற வேண்டியிருக்கும். “சிறுவயது முதலே சினிமா மீது தீராத காதல்” என்ற வரிக்குப் பதிலாக, எந்த ஆண்டு மாணவர், இதற்கு முன் என்ன செய்திருக்கிறார், இந்தப் படத்தில் அவர் கையாண்ட குறிப்பான வேலை என்ன என்று எழுதுங்கள். பெயரும் இனிஷியலும் படத்தின் டைட்டிலில் உள்ளபடியே இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்திலும் கொடுத்து, ஒவ்வொருவரிடமும் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

4. இயக்குநர் குறிப்பு

100 முதல் 150 சொற்கள். மறுபடியும் கதை சொல்லவோ நன்றி சொல்லவோ இது இடமில்லை. நீங்கள் எடுத்த ஒரே ஒரு முடிவை எடுத்து, அதற்கான காரணத்தைச் சொல்லுங்கள். நம் படத்தில் அது இப்படி இருக்கலாம்:

“கேமரா ஒருமுறைகூட அடுக்குமாடிக்குள் போகாது. முருகேசனுக்கு அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. பார்வையாளருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் உள்ளே நடப்பதெல்லாம் ஒலியாகவே வரும்.”

நிருபர் மேற்கோளாக எடுத்துப் போடுவதற்கும், திரையிடலுக்குப் பிறகு பார்வையாளர் கேள்வி கேட்பதற்கும் இதில் பிடிமானம் இருக்கிறது. முடிவு எடுத்த காரணம் உண்மையில் பட்ஜெட் என்றால் அதையே எழுதுங்கள். அதுவும் நல்ல குறிப்புதான்.

5. கோப்பாக்கி அனுப்புதல்

முதல் பக்கத்தில் படத்தின் பெயர், நீளம், மொழி, சப்டைட்டில், முடித்த ஆண்டு, திரையிடும் தேதி, கிழமை, நேரம், அரங்கு, வெளியாட்களுக்கு அனுமதி உண்டா, தொடர்புக்கு ஒருவரின் எண். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள்.

பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் தமிழில் ஒரு தொல்லை உண்டு. அதிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது உயிர்க்குறிகள் இடம் மாறி, ‘கொடி’ என்பது ‘ெகாடி’ என்று ஆகிவிடக்கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் இன்னும் மோசம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதனால் எல்லாவற்றையும் யூனிகோடில் தட்டி, பார்ப்பதற்கு ஒரு பிடிஎஃப், எடுத்துக்கொள்ள ஒரு வேர்ட் கோப்பு என இரண்டையும் கொடுங்கள்.

```
TherumunaiVandi_PressKit/
  TherumunaiVandi_PressKit.pdf
  TherumunaiVandi_Text.docx
  Stills/
  Captions.docx
```

வாட்ஸ்அப்பில் ஸ்டில்ஸைப் புகைப்படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கூகுள் டிரைவ் என்றால் பகிர்வை `Anyone with the link` என்று மாற்றி, உங்கள் கணக்கு இல்லாத வேறொரு போனில் திறந்து பாருங்கள். “அனுமதி கேட்கவும்” என்று வந்தால், நிருபருக்கும் அதுதான் வரும். திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டு, முந்தைய நாள் அதே லிங்கை நேரமும் இடமும் சேர்த்து மீண்டும் ஒருமுறை அனுப்புங்கள்.