உள்ளே பேசித் தீர்க்கும் புகார் எப்போது வெளியே போக வேண்டும்: வேலையிடப் பாலியல் தொல்லைக்கு ஒரு படிப்படியான வழி

மல்லிகா என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு துணி நிறுவனத்தில் மடித்துப் பேக்கிங் செய்யும் வேலை. அங்கே மொத்தம் 18 பேர். சூப்பர்வைசர் சில மாதங்களாகத் தொல்லை கொடுக்கிறார். மார்ச் 4 அன்று ஸ்டாக் ரூமில் கையைப் பிடித்து இழுத்தார். மார்ச் 6 அன்று மல்லிகா மேனேஜரிடம் வாய்மொழியாகச் சொன்னார். "எழுதியெல்லாம் தராதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். ஏப்ரலில் முதலாளியின் வீட்டம்மா கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். மே 20 அன்று, "இப்போதைக்கு வேலை இல்ல, அப்புறமா சொல்லி அனுப்பறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். மே மாதச் சம்பளமும் வரவில்லை.

இந்தக் கணக்கில் புகார் தர மல்லிகாவுக்கு மிச்சம் இருக்கும் நாள் எத்தனை என்று கேட்டால், அவரைச் சுற்றி இருப்பவர்கள் யாருக்கும் பதில் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

படி 1: கடைசிச் சம்பவத்தின் தேதியை எழுதுங்கள்

வேலையிடப் பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். முன்பே தர முடியாததற்கு நியாயமான காரணம் இருந்தால், புகார்க் குழு அதை எழுதிப் பதிவு செய்துவிட்டு இன்னும் 3 மாதம் வரை நீட்டலாம். அதற்கு மேல் நீட்டக் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

மல்லிகாவுக்கு அந்த முதல் கெடு ஜூன் 4. மேனேஜரிடம் சொன்னது, வீட்டம்மா பேசியது எதுவும் இந்தக் கணக்கை நிறுத்தாது. பேச்சு நடக்கும்போதே நாள் ஓடிக்கொண்டிருக்கும். வாய்மொழிப் புகார் சட்டத்தின் கண்ணில் புகாரே இல்லை.

இன்னொரு இடத்திலும் பலர் தவறுகிறார்கள். மே 20 அன்று வேலையை விட்டு நிறுத்தியதைக் கடைசிச் சம்பவமாக எண்ணி, அங்கிருந்து 3 மாதம் இருக்கிறது என்று நினைப்பார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கொல்கத்தா வழக்கு ஒன்றில் இதுதான் கேள்வி. கடைசித் தொல்லை 2023 ஏப்ரலில். புகார் 2023 டிசம்பரில். நடுவில் அந்தப் பெண்ணைப் பொறுப்பிலிருந்து நீக்கிய நடவடிக்கைகளைப் பாலியல் தொல்லையின் தொடர்ச்சியாக எண்ண முடியாது, அது தனி நிர்வாக நடவடிக்கை என்று சொல்லி, காலம் கடந்த புகார் என்ற முடிவை நீதிமன்றம் உறுதி செய்தது. எதிராளி சுத்தம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நாள் போய்விட்டது, அவ்வளவுதான். எனக்கு இன்றும் மனதை உறுத்தும் தீர்ப்பு அது.

படி 2: உள்ளே இருப்பது உண்மையான குழுவா என்று பாருங்கள்

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு கட்டாயம். கிளைகளும் பிரிவுகளும் வேறு வேறு இடத்தில் இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் வேண்டும். தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சி எல்லோரும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார்கள்.

குழுவின் தலைவர் அங்கேயே வேலை செய்யும் மூத்த பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். ஒருவர் கட்டாயம் வெளியாள். அவர் பெண்கள் நலனுக்காக உழைக்கும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயங்களில் அனுபவம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். ஆகவே "அந்த வெளி உறுப்பினர் யாருங்க?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பெயர் வரவில்லை என்றால் பெரும்பாலும் அங்கே குழுவே இல்லை. மேனேஜரும் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்து பேசுவது விசாரணை ஆகாது.

குழு உண்மையிலேயே இருந்தால் அதை ஒதுக்காதீர்கள். சிவில் நீதிமன்றத்தைப் போலச் சாட்சிகளை அழைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கேட்டால், விசாரணை முடியும்வரை உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றவும், 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு தரவும் அது பரிந்துரைக்கலாம்.

சமரசம் என்ற சொல் வந்தால் மட்டும் கவனமாக இருங்கள். நீங்களாகக் கேட்டால்தான் குழு சமரசத்துக்கு முயல முடியும். பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யக் கூடாது. அப்படி ஒரு சமரசம் எழுதிக் கையெழுத்தானால் அதன்பின் விசாரணை நடக்காது. அவசரத்தில் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாமல், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துப் பாருங்கள்.

படி 3: எழுதுங்கள், 6 பிரதி

விதிகளின்படி புகாரை ஆதாரங்களோடும் சாட்சிகளின் பெயர், முகவரியோடும் 6 பிரதிகளாகத் தர வேண்டும். தொடக்கம் இப்படி இருந்தால் போதும்:

> பெறுநர்: தலைவர், உள்ளகப் புகார் குழு.
> நான் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். மார்ச் 4 அன்று மாலை சுமார் 4 மணிக்கு ஸ்டாக் ரூமில் சூப்பர்வைசர் என் கையைப் பிடித்து இழுத்தார். இதற்கு முன் நடந்தவை கீழே தேதி வாரியாக உள்ளன. மார்ச் 6 அன்று மேனேஜரிடம் வாய்மொழியாகச் சொன்னேன். எழுத வேண்டாம் என்றார். 2013-ஆம் ஆண்டு வேலையிடப் பாலியல் தொல்லைச் சட்டத்தின் கீழ் விசாரிக்கக் கேட்கிறேன்.

எழுதத் தெரியாதவருக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் இந்த இடத்தில் எப்படி உதவுவார் என்பது பலருக்குக் குழப்பம். குழுவின் முன் எந்தப் பக்கத்துக்கும் வக்கீல் வாதாட விதி அனுமதிக்கவில்லை. ஆனால் புகாரை எழுதுவதற்கு முன் அவரிடம் காட்டலாம், காட்ட வேண்டும். கட்டணம் பற்றிய பயம் வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், அல்லது 15100-ல் கூப்பிடலாம். எனக்குத் தெரிந்து பலர் விசாரணையில் தோற்ற பிறகுதான் அங்கே வருகிறார்கள். புகார் எழுதும் நாளிலேயே போனால் பாதி சிக்கல் குறையும்.

படி 4: கதவு தட்டியும் திறக்கவில்லையா, கலெக்டர் அலுவலகம்

10 பேருக்குக் குறைவான இடம், அல்லது தொல்லை கொடுத்தவரே முதலாளி என்றால், உள்ளே போகவே வேண்டாம். மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர் புகார் குழுவுக்கு நேராகப் போகலாம். மல்லிகா வேலை செய்யும் இடத்தைப் போல 18 பேர் இருந்தும் குழு இல்லை என்றால், நிறுவனத்துக்கு ஒன்று, கலெக்டர் அலுவலகம் வழியாக உள்ளூர் புகார் குழுவுக்கு ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் அனுப்புவதே பாதுகாப்பு. குழு அமைக்காத குற்றத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் அதில் சொல்லிவிடுங்கள். இணையத்தில் shebox.wcd.gov.in என்ற SHe-Box தளத்திலும் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஏற்காட்டு எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கும் பெண்ணுக்கு 20 ஹேர்பின் வளைவு இறங்கிச் சேலம் வந்து திரும்புவது ஒரு நாள் கூலி போகும் வேலை. அதற்காகவே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: கிராமப்புறம், பழங்குடிப் பகுதிகளில் வட்டார, தாலுகா அளவில் ஒரு பொறுப்பு அலுவலர் புகாரை வாங்கி, 7 நாளில் உள்ளூர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஏற்காடு தாலுகா அலுவலகத்தில் அவர் யார் என்று கேளுங்கள்.

படி 5: போலீஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை

கை வைத்தல், பின்தொடர்தல், மிரட்டல் என்று போனால் அது குற்றம். குழுவின் முடிவு வரும்வரை பொறுக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. 3 மாதக் கணக்கும் போலீஸ் புகாருக்குப் பொருந்தாது. உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் உயரதிகாரிக்கு அனுப்பலாம். சேலம் மாநகரில் கமிஷனர், ஏற்காட்டில் எஸ்.பி. நீங்கள் போலீஸுக்குப் போக விரும்பினால் உதவ வேண்டியது முதலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

படி 6: சம்பளமும் வேலையும் தொழிலாளர் துறையில்

தொழிலாளர் துறை தொல்லையைப் பற்றி விசாரிக்காது. அதற்குப் பின் வரும் பழிவாங்கல் அங்கேதான் போக வேண்டும். மல்லிகாவின் மே மாதச் சம்பளம், வேலைநீக்கம் இரண்டும் அந்த வகை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு நீக்கினால் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளில் கொடுத்தாக வேண்டும். வேலைநீக்கம் பற்றி சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். பழைய 3 ஆண்டுக் கெடு இனி இல்லை, 2 ஆண்டுக்குள் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீது, கடைசியாகச் சம்பளம் வந்த பேங்க் பக்கம், வருகைப் பதிவின் போட்டோ இவற்றை இதற்கும் எடுத்துப்போங்கள். "அப்புறமா சொல்லி அனுப்பறோம்" என்று வாயால் சொன்னதைப் பின்னால் "அவளேதான் வரல" என்று மாற்றிச் சொல்வார்கள். அதனால் அன்றே, "வேலைக்கு வரத் தயார், மே 20 அன்று திருப்பி அனுப்பினீர்கள்" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் போட்டு வைப்பது நல்லது.

குழுவின் அறிக்கை வந்துவிட்டால், முடிவு பிடிக்கவில்லை என்றாலும், பரிந்துரையை நிறுவனம் நிறைவேற்றவில்லை என்றாலும், 90 நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். எந்த மன்றத்தில் என்பது நிறுவனத்தைப் பொறுத்து மாறும். இங்கே வக்கீல் கட்டாயம் தேவை, தாமதிக்காதீர்கள்.

சரி, மல்லிகா ஜூன் 1 அன்று இதைப் படிக்கிறார் என்று வையுங்கள். அன்று மாலையே 15100-க்குப் பேச வேண்டும். ஜூன் 2 அன்று புகாரை எழுதிக் காட்டிவிட்டு, ஜூன் 3 அன்று நிறுவனத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் அனுப்ப வேண்டும். ஜூன் 4 என்ற கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம். சம்பளத்துக்கான மனு ஜூன் 5 அன்று தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.