படத்தைப் பார்த்துத் தொன் சொல்வதில் நடக்கும் தவறுகள்: ஷெக்கிள், கொக்கி, ஐ போல்ட்

பெக்டரியில் ஏதாவது பழைய மெஷினைக் கழற்றி இறக்க வேண்டுமென்றால் முதலில் ஸ்டோரில் கிடக்கும் துருப்பிடித்த சாமான்களைத்தான் தேடுவோம், கிடைத்ததைப் படமெடுத்துத் தெரிந்த ஃபிட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "அண்ணே, இது எத்தனை தொன் தாங்கும்?" என்று கேட்போம். அது என்ன வகை என்பதைப் படம் சொல்லும். எவ்வளவு தாங்கும் என்பதை அதில் அடித்திருக்கும் எழுத்துதான் சொல்லும். அந்த எழுத்து படத்தில் விழவில்லை என்றால் யாரும் தொன் சொல்லக்கூடாது.

ஷெக்கிளில் பலரும் பின்னை அளந்து அதையே சைஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். சைஸ் என்பது வளைந்த உடம்பின் தடிப்பு, பின் வழக்கமாக அதைவிட ஒரு சைஸ் பெரிதாக இருக்கும். தரமடித்த 5/8 அங்குல ஷெக்கிளில் பின் 3/4 அங்குலம். அந்தப் பின்னை வைத்து 3/4 ஷெக்கிள் என்று எடுத்தால் 4¾ தொன் என்று நினைப்பீர்கள், உண்மையில் கையில் இருப்பது 3¼ தொன்தான். உடம்பில் எந்த எழுத்துமே இல்லாத ஷெக்கிளும் கடையில் கிடைக்கும், பார்க்க அச்சாக இதே மாதிரிதான் இருக்கும். அதைத் தூக்கும் வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

கொக்கியில் வேறு குழப்பம். சங்கிலி ஸ்லிங்கின் கொக்கியில் 10-8 என்று அடித்திருந்தால் பத்துத் தொன் என்கிறார்கள், சிலர் எட்டு என்கிறார்கள். அது 10 மில்லிமீட்டர் சங்கிலிக்கான, தரம் 8 கொக்கி என்று அர்த்தம். நேராகத் தொங்கும் ஒற்றைச் சங்கிலி தாங்குவது 3.15 தொன். 8-8 என்றால் 2 தொன்.

அதிகம் ஏமாற்றுவது ஐ போல்ட். ஹட்டன் பக்கம் ஒரு பெக்டரியில் 600 கிலோ கியர் பெட்டியைத் தூக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே 80 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள், கையில் இரண்டு எம்12 ஐ போல்ட், வளையத்துக்குக் கீழே தட்டையான காலர் இருக்கிறது. காலர் இல்லாத வெறும் கம்பி வளையமாக இருந்தால் கோணத்தில் இழுக்கவே கூடாது, பேச்சு அங்கேயே முடிந்தது. டின் 580 தரத்து எம்12 நேராக மேலே இழுத்தால் 340 கிலோ தாங்கும், இரண்டு சேர்ந்தால் 680, போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு கால் ஸ்லிங் நேராக இழுக்காது. செங்குத்திலிருந்து 45 பாகை சரிந்தால் ஒவ்வொரு காலிலும் 300 கிலோ அல்ல, ஏறக்குறைய 424 கிலோ இழுவை வரும், அதுவும் போல்ட்டை வளைக்கும் பக்கமாக. அந்தக் கோணத்தில் அதே எம்12 சுமக்கக்கூடிய பங்கு 240 கிலோதான், இரண்டுக்கும் 480. 600 கிலோவுக்குப் போதாது. எம்16 என்றால் அதே கோணத்தில் ஒன்றுக்கு 500, நேராக 700, தாராளமாகப் போதும்.

கோணத்தைப் படத்திலேயே பார்க்கலாம். செயின் பிளொக் கொக்கி போல்ட்டுகளுக்கு மேலே குறைந்தது 40 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது இடைவெளியில் பாதியாவது இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்திருந்தால் 45 பாகையைத் தாண்டிவிட்டது, ஸ்லிங்கை நீளமாக்குங்கள். வளையத்தின் முகமும் ஸ்லிங் போகும் திசையிலேயே இருக்க வேண்டும், குறுக்கே திரும்பியிருந்தால் போல்ட் வளையும்.

எழுத்து தேய்ந்துபோன ஐ போல்ட் என்றால் அளக்கும் டேப்பை வளையத்தின் மேலேயே ஒட்டிப் பிடித்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பக்கத்தில் தள்ளி வைத்தால் அளவு பொய் சொல்லும். டின் 580-இல் எம்12 வளையத்தின் வெளி விட்டம் 54 மில்லிமீட்டர், எம்16-க்கு 63. இது எந்த சைஸாக இருக்கலாம் என்று ஊகிக்க மட்டும் உதவும், எழுத்து இல்லாத போல்ட்டுக்கு இதை வைத்துத் தொன் கொடுக்க முடியாது.

நம் மலையகத்துக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பழைய பெக்டரிகளில் வெள்ளைக்காரன் காலத்து மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன, அவற்றின் துளைகளில் பெரும்பாலும் விட்வர்த் மரைதான். 5/8 அங்குல விட்வர்த் மரையின் இடைவெளி 2.3 மில்லிமீட்டர், எம்16-க்கு 2. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றேதான் என்பதால் எம்16 போல்ட் சில சுற்று உள்ளே போய் இறுகிவிடும், கைக்கு நன்றாகப் பிடித்த மாதிரியே இருக்கும். ஆனால் பிடித்திருப்பது இரண்டு மூன்று மரைகள் மட்டும். அதனால் படத்தில் முதலில் காலருக்கு அடியைப் பாருங்கள்: காலர் மெஷினோடு சுற்றிலும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, இல்லை அடியில் வெளிச்சம் தெரிகிறதா? வெளிச்சம் தெரிந்தால் கழற்றச் சொல்லி, மரை அளவியை வைத்துத் துளைக்கு என்ன மரை என்று பார்க்க வேண்டும். வாஷர் போட்டு இடைவெளியை மறைப்பதால் ஒன்றும் சரியாகாது. துளையின் மரை ஏற்கெனவே நசுங்கியிருந்தால் அந்தத் துளையை விட்டுவிட்டு, பெட்டியின் அடியில் இரண்டு பெல்ட் ஸ்லிங்கைச் சுற்றி, கூர்மையான மூலைகளில் தடித்த ரப்பர் வைத்துத் தூக்குங்கள்.