எல்.கே.ஜி. முன்னேற்ற அறிக்கையில் குழந்தை பழகும் விதத்தை எழுதுவது எப்படி?

"சமூக, உணர்வுசார் வளர்ச்சி திருப்திகரம், சுயகட்டுப்பாட்டில் மேம்பாடு தேவை" என்று எழுதினால், நான்கு வயதுக் குழந்தை வகுப்பில் என்ன செய்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியாது. அதைத் தெரியச் செய்யும் வாக்கியங்களை எழுத, புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் பின்வரும் முறையைக் கையாளலாம்.

முதலில், அறிக்கை எழுதுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே, கண்ணால் பார்த்ததை மட்டும் தேதியிட்டுக் குறித்துவையுங்கள். "கோபக்காரி" என்பது நம் முடிவு. "ஊஞ்சலில் இருந்த குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள்" என்பது நாம் பார்த்தது. அதற்கு முன் என்ன நடந்தது, யார் என்ன சொன்னதும் அடங்கினாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காய்ச்சல் விட்டு வந்த நாளில் ஒருமுறை அழுததை வைத்து ஒரு பருவத்தையே எடைபோடக் கூடாது. விளையாடும்போதும் சாப்பிடும்போதும் திரும்பத் திரும்பக் கண்டதே அறிக்கைக்கு உரியது.

அடுத்து, அந்தக் குறிப்புகளிலிருந்து முன்பு எப்படி இருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள், எந்த உதவியுடன், இனி என்ன என்ற வரிசையில் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக:

"ஜூன் மாதத்தில், ஊஞ்சலில் வேறொரு குழந்தை இருந்தால் உங்கள் மகள் இழுத்து இறக்கப் பார்ப்பாள். இப்போது நாங்கள் அருகில் நின்று 'அடுத்து உன் முறை' என்று சொன்னால் காத்திருக்கிறாள். நாங்கள் சற்று விலகியிருந்தால் சில நாட்களில் இன்னும் இழுக்கிறாள். 'எனக்கும் தா' என்று வாயால் கேட்கப் பழக்கி வருகிறோம். வீட்டிலும் இதே சொற்களைச் சொல்லிக்கொடுங்கள்."

இதில் குறை மறைக்கப்படவில்லை. ஆனால் எந்த உதவி பலன் தருகிறது என்பதும் தெரிகிறது. இந்த வயதில் பெரியவர் துணையின்றிக் காத்திருப்பது பல குழந்தைகளுக்கும் கடினம் என்பதால், "எங்கள் உதவியுடன்" என்பதைக் குறிப்பிடுவதே நியாயம் என்று நான் கருதுகிறேன். மற்ற குழந்தையின் பெயரையோ "மற்றவர்களைப் போல" என்ற ஒப்பீட்டையோ சேர்க்காதீர்கள். "கூச்ச சுபாவம்" என்பதற்குப் பதிலாக, "நால்வர் உள்ள குழுவில் பேசுகிறாள், முழு வகுப்பின் முன் தலையசைத்துப் பதில் சொல்கிறாள்" என்று எழுதலாம்.

எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். குழந்தையின் பெயரை மாற்றினால் அந்த வாக்கியம் வேறு எவருக்கும் பொருந்துமானால், குறிப்பேட்டுக்குத் திரும்பி ஒரு நிகழ்வைச் சேர்க்க வேண்டும். "எப்போதும்", "ஒருபோதும்" என்ற சொற்கள் வந்திருந்தால், "பெரும்பாலும்", "சில நாட்களில்" என்று உள்ளபடி திருத்துங்கள்.

கடிப்பது, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கியே இருப்பது போன்ற கவலைக்குரியவற்றைப் பெற்றோர் முதன்முதலாக அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. முன்கூட்டியே அவர்களை நேரில் அழைத்துப் பேசிவிட்டு, இருவரும் சேர்ந்து முடிவு செய்ததை மட்டும் அறிக்கையில் ஒரு வரியாக எழுதுங்கள். நோயின் பெயர் எதையும் ஆசிரியராக நீங்கள் குறிப்பிடாதீர்கள்.