சிபிலில் தவறாக ஏறிய தாமதம்: கடிதத்தில் செய்யக்கூடாதவை

பணம் கட்டிய ரசீதை இணைத்து, "நான் கட்டிட்டேனுங்க, தாமதம்னு போட்டிருக்கு, நீக்கி விடுங்க" என்று சிபிலுக்கு மட்டும் எழுதுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. எத்தனை முறை சொன்னாலும் இதையேதான் செய்கிறார்கள்.

பல்லடத்தில் தறி ஓட்டுபவர் ஒருவர். ஒரே நிதி நிறுவனத்தில் அவருக்கு இரண்டு கடன். வண்டிக் கடனின் தவணை ரூ.9,850, கெடு மார்ச் 5. நான்காம் தேதியே நெஃப்டில் அனுப்பிவிட்டார். நிறுவனமோ அதைப் பழைய கடனில் வரவு வைத்து, ஏப்ரல் 9 அன்றுதான் வண்டிக் கடனுக்கு மாற்றியது. சிபில் ரிப்போர்ட்டில் மார்ச் மாதக் கட்டத்தில் 026 ஏறிவிட்டது. கெடு தாண்டி மாதக் கடைசி வரை 26 நாள் என்று பொருள்.

அவரும் சிபிலுக்கு மட்டும் எழுதினார். சிபில் தானாக எதையும் திருத்தாது. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிக் கேட்கும். அங்கே வண்டிக் கடன் பேரேட்டில் ஏப்ரல் 9 என்றுதான் இருக்கிறது. "பதிவு சரியே" என்று பதில் வந்தது.

முதலில் இரண்டு கடனுக்கும் கணக்கு அறிக்கை வாங்கிப் பணம் எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்க்க வேண்டும். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு இப்படி எழுதலாம்: "மார்ச் 4 அன்று இந்த யுடிஆர் எண்ணில் அனுப்பிய ரூ.9,850 தவறான கடன் கணக்கில் வரவாகியுள்ளது. வரவுத் தேதியை மார்ச் 4 எனத் திருத்தி, மார்ச் மாதத்துக்கு 000 என நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பவும்." யுடிஆர் என்பது நெஃப்ட் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் எண். இரண்டு கடன் எண்ணும் அதில் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் போதாது, வங்கி முத்திரையிட்ட கணக்கு அறிக்கையை வையுங்கள். இதே கடித நகலோடு, ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் கன்ட்ரோல் நம்பரையும் குறிப்பிட்டு சிபிலில் புகார் போடுங்கள்.

கெஞ்சி எழுதுவது

"இந்த ஒரு முறை மன்னித்து" என்று எழுதினால், தாமதத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சிபிலோடு நிறுத்துவது

மற்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ரிப்போர்ட்டுகளையும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் இலவசம்.

தேதியை விட்டுவிடுவது

புகார் எண்ணும் தேதியும் கையில் இருக்க வேண்டும். புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு வராவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அதில் 21 நாள்; அதற்குள் திருத்தி அனுப்பாவிட்டால் இழப்பீடு அவர்கள் தலையில். அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் ஏற்றாவிட்டால் அந்தத் தகவல் நிறுவனமே தர வேண்டும். முப்பது நாள் தாண்டியும் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அங்கே முதலில் கேட்பது நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைத்தான்.